பெட்டியில் ஒரு தேதி, ட்யூபில் ஒரு தேதி

கேள்வி: அம்மாவின் தோல் அரிப்புக்கு எங்கள் தெரு மருந்துக்கடையில் போன மாதம் இரண்டு ஆயின்ட்மென்ட் ட்யூப் வாங்கினேன். பூசியதும் தடிப்பு அதிகமாகிவிட்டது. பெட்டியில் சிவப்புக் கோடு எழுத்தின் மேல் ஏறி நிற்கிறது, கம்பெனி முகவரியில் ஊர்ப் பெயரே தப்பு. பெட்டியில் ஒரு பேட்ச் எண், ட்யூப் மடிப்பில் வேறொன்று. மடிப்பில் உள்ள காலாவதி ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. போய்க் கேட்டால் கடைக்காரர் எல்லார் முன்னாலும் அம்மாவைத் திட்டினார். இப்போது "கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்" என்கிறார். பில் இருக்கிறது. ஒரு ட்யூப் பாதி தீர்ந்தது, இன்னொன்றைத் திறக்கவில்லை. பத்து லட்சம் நஷ்டஈடு வேண்டும், அவர் ஜெயிலுக்குப் போக வேண்டும். (திருச்சி வாசகர்)

பதில்: பில் தேதிக்கு முன்பே ட்யூபின் காலாவதி முடிந்திருக்கிறது. உங்கள் வழக்கு இவ்வளவுதான். திட்டியதை விட்டுவிடுங்கள்.

எழுத்துப்பிழையும் கோணல் அச்சும் சந்தேகத்தைக் கிளப்பும், அதற்கு மேல் போகாது. "அச்சகத்தின் தவறு" என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். பேட்ச் எண், தேதி, விலை எல்லாம் பேக்கிங்கின்போது பெட்டி மேல் தனியாக அடிக்கப்படுபவை. அசல் சரக்கிலும் அவை சாய்ந்திருக்கும். ட்யூப் மடிப்பு அப்படியல்ல. மருந்தை நிரப்பி வாயை மடித்து அழுத்தும்போதே எண்ணும் தேதியும் அதில் பதிந்துவிடுகின்றன. அதை அழித்து மாற்றுவது கடினம் என்பதால்தான் பழைய ட்யூபுக்குப் புதுப் பெட்டி அடிக்கிறார்கள். காலாவதி முடிந்த மருந்தை விற்கவோ இருப்பில் வைக்கவோ மருந்து விதிகளில் விதி 65(17) தடை செய்கிறது. பில்லில் அச்சாகியிருக்கும் பேட்ச் எண் பெட்டியோடு ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள். ஒத்துப்போனால், அந்தப் பெட்டி அவர் கடையிலிருந்து வந்ததை அவர் பில்லே சொல்லிவிடும்.

மாற்றித் தருகிறேன் என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். திறக்காத ட்யூபைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி வந்த கட்சிக்காரர்கள், வழக்கு போட வரும்போது கையில் போட்டோ மட்டும் வைத்திருப்பார்கள். பாதி தீர்ந்த ட்யூபை "நீங்களே பெட்டி மாற்றிவிட்டீர்கள்" என்பார்கள். திறக்காத ட்யூபுக்கும் அதே வாதம் வரும். மூடிக்கு உள்ளே சீல் அப்படியே இருப்பதுதான் உங்களுக்குத் துணை. அதைத் தொடாதீர்கள்.

அடுத்தது ஆய்வகம். மருந்துகள் சட்டம் பிரிவு 26-இன்படி, கட்டணம் கட்டி, வாங்கிய மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். பலரும் முதலில் அங்கேதான் ஓடுகிறார்கள். உங்களுக்கு நான் வேண்டாம் என்பேன். ஐந்து மாதம் தாண்டிய அசல் மருந்தில் மூலப்பொருள் இன்னும் வரம்புக்குள் இருக்கக்கூடும். "தரமானது" என்று அறிக்கை வந்தால் கடைக்காரர் அதை பிரேம் போட்டு மாட்டிவிடுவார். போதாததற்கு, சீல் உடையாத ஒரே ட்யூபும் சோதனையில் தீர்ந்துபோகும். அதற்குப் பதிலாகக் கம்பெனிக்கு இரண்டு பேட்ச் எண்களையும் படங்களையும் பதிவுத் தபாலில் அனுப்பி ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த ட்யூப் பேட்ச்சுக்கு நீங்கள் போட்ட காலாவதி தேதி எது? அந்தப் பதில் ஆய்வறிக்கையைவிட வலுவானது.

நான் அதிகம் பயப்படுவது உங்கள் கோபத்துக்கு. "பத்து லட்சம் கொடு, இல்லாவிட்டால் மருந்து ஆய்வாளரிடம் போவேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் போதும், மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்ததாக உங்கள் மேல் அவர் புகார் கொடுப்பார். கடை பெயரைப் போட்டுத் தெரு குரூப்பில் எழுதினால் அவதூறு. நல்ல வழக்குகள் இப்படிப் பாழாகி, கடைசியில் இரண்டு தரப்பும் வாபஸ் வாங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகாரை முதலில் கொடுத்துவிடுங்கள். அதைப் பேரத்தில் வைக்காதீர்கள்.

ஜெயில் உங்கள் கையில் இல்லை. உரிமம் உள்ள மொத்த வியாபாரியிடம் வாங்கினேன், பெட்டிக்குள் இருந்தது எனக்குத் தெரியாது, கவனமாகப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது, வந்தபடியே முறையாக வைத்திருந்தேன் என்று காட்டினால் பிரிவு 19(3) அவருக்குப் பாதுகாப்பு தரும். ஆனால் யாரிடம் வாங்கினார் என்பதை ஆய்வாளர் கேட்டால் அவர் சொல்லியாக வேண்டும். புதுப் பெட்டி அடித்தவன் அந்த வழியில்தான் சிக்குவான்.

பத்து லட்சமும் வராது. தடிப்பு இந்த மருந்தால்தான் வந்தது என்று தோல் மருத்துவர் எழுதித் தந்தாலொழிய, கையில் இருப்பது காலாவதி மருந்தை விற்ற குறைபாடு மட்டும். வாங்கி இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் மருத்துவச் செலவும் அதோடு ஒரு நியாயமான தொகையும் கடைக்காரர் எழுத்தில் தர முன்வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். துறையில் கொடுத்த புகாரை வாபஸ் வாங்குவதாக மட்டும் அந்தத் தாளில் ஒரு வார்த்தையும் இருக்கக்கூடாது. கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.