ரோமில் இறையியல்: மகன் எழுதிய கடிதத்திலிருந்து

கேள்வி: என் தம்பி பெங்களூரில் மெய்யியல் முடித்துவிட்டு, இறையியல் படிக்க ரோமுக்குப் போகிறான். அங்கே போன பிரதர்கள் படிப்புக்கு எப்படிப் பழகிக்கொள்கிறார்கள்?

என் மகன் அங்கேதான் இறையியல் படிக்கிறான். நாங்கள் கிருஷ்ணகிரி பக்கம், எலத்தகிரி. ஃபோனில் பேசினால் "நல்லா இருக்கேன்பா" என்பதோடு சரி. அதனால் முதல் செமஸ்டர் தேர்வு முடிந்ததும் விவரமாக ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். சாப்பாட்டைப் பற்றி அவன் அம்மாவுக்குத் தனியாக ஒரு பக்கம் வந்தது, அது இங்கே வேண்டாம். படிப்பைப் பற்றி எழுதியதை மட்டும் சொல்கிறேன்.

அவனை முதலில் குழப்பியது காலியாகக் கிடந்த பிற்பகல்கள்தான். இங்கே குருமடத்தில் படிப்பு நேரத்துக்கும் மணி அடிப்பார்கள். அங்கே தங்குவது ஓர் இல்லத்தில், படிக்கப் போவது பாப்பிறைப் பல்கலைக்கழகத்துக்கு. வகுப்பு பெரும்பாலும் காலையோடு முடிந்துவிடுகிறது.

"அப்பா, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உள்ள பாடத்துக்கு 3 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் சுமார் 25 மணி நேர உழைப்பு. ஆக 75 மணி நேரம். 12 வாரமும் வகுப்பில் உட்கார்ந்தால்கூட 24 மணி நேரம்தான் ஆகிறது. மிச்சம் 51 மணி நேரத்தை நானாக நூலகத்தில் உட்கார்ந்து போட வேண்டும். இப்படி ஏழெட்டுப் பாடம் இருக்கிறது. நவம்பர் வரை இது எனக்கு உறைக்கவே இல்லை."

இது ஐரோப்பா முழுவதும் உள்ள கணக்கு. வத்திக்கான் 2003-இல் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. உங்கள் தம்பி அக்டோபரில் வகுப்பு தொடங்கும்போதே ஒவ்வொரு பாடத்துக்கும் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது வாய்மொழித் தேர்வு. இதைத்தான் கடிதத்தில் நீளமாக எழுதியிருந்தான். பல பாடங்களுக்கு எழுத்துத் தேர்வே கிடையாது. பேராசிரியர் முன்கூட்டியே 'தெஸாரியோ' என்று ஒரு பட்டியல் தந்துவிடுவார். பாடம் முழுவதையும் சில தலைப்புகளாகச் சுருக்கியது அது. தேர்வன்று அதிலிருந்து ஒன்றைக் கேட்பார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

"எனக்கு வந்தது இறை வெளிப்பாடு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965 ஏட்டில் இரண்டாம் எண். கடவுள் தம்மைச் செயல்களாலும் சொற்களாலும் வெளிப்படுத்துகிறார், இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்பது அதில் வருகிறது. மனப்பாடமாகத்தான் இருந்தது, கடகடவென்று ஒப்பித்தேன். அவர் நடுவிலேயே கையைக் காட்டி நிறுத்தி, 'சரி, விடுதலைப் பயண நூலிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள்' என்றார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அப்புறம் செங்கடலைக் கடந்தது ஞாபகம் வந்தது. 14-ஆம் அதிகாரத்தில் கடல் பிளந்தது செயல். அது மட்டும் இருந்தால் காற்றடித்துத் தண்ணீர் ஒதுங்கியது என்று ஒருவன் சொல்லிவிடலாம். 15-ஆம் அதிகாரத்தில் மோசே பாடும்போதுதான் அது ஆண்டவர் செய்த மீட்பு என்று விளங்குகிறது. வெறும் பாட்டு மட்டும் இருந்தால் அதற்கு ஆதாரம் இல்லை. இதைத் திக்கித்திக்கிச் சொன்னேன். 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் இதை எப்படிச் சொன்னது என்று அடுத்த கேள்வி. அங்கே இறைத்திட்டத்தின் 'ஆணைகள்' என்று இருந்தது, இங்கே 'மறைபொருள்' என்று மாறியது என்றேன். தலையாட்டினார். பத்துக்கு எட்டு."

ஒப்பித்ததற்கு அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். எட்டு வந்தது அந்த உதாரணத்தால். நம் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதிப் பழகியவர்கள். நடுவில் ஒருவர் குறுக்கிட்டால் நூல் அறுந்துவிடுகிறது. இப்போது இவனும் கென்யாவிலிருந்து வந்த ஒரு பிரதரும் மாலையில் நடந்துகொண்டே ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கிறார்களாம். கேட்பவர் வேண்டுமென்றே இடைமறிக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் விதி.

இத்தாலிய மொழியைப் பற்றியும் கேட்பீர்கள். கோடையிலேயே போய் மொழி வகுப்பில் சேர்ந்தும், கடையில் பேசத் தெரிந்தது வகுப்பறையில் உதவவில்லை என்று எழுதினான். அவனைக் காப்பாற்றியது 'டிஸ்பென்சா', அதாவது பேராசிரியர் தரும் அச்சடித்த பாடக் குறிப்பு. அன்றைய பகுதியை முந்தின இரவே படித்துவிட்டுப் போனால், வகுப்பில் காது தானாகப் பிடித்துக்கொள்கிறதாம். வகுப்பு முடிந்த பிறகு படிப்பதில் அந்தப் பலன் இல்லை என்கிறான். சில பேராசிரியர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல விடுவார்கள். எல்லோரும் விடுவதில்லை, ஆகவே முதல் வாரமே கேட்டுவிட வேண்டும்.

ஒரு பாடத்தில் தவறினாலும் ஆண்டு போய்விடாது, பின்னால் வரும் தேர்வுக் காலத்தில் மறுபடி எழுதலாம். ஆனால் அது ஜூனில் வந்தால் இரண்டாம் செமஸ்டர் பாடங்களும் அதே வாரங்களில் வந்து நிற்கும். பிப்ரவரியிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.