காலைப் பால் முந்தின நாள் கணக்கில் விழுந்தபோது

கேள்வி: பிழை பார்க்க சேர்ந்து உட்காரலாம்னு சீனியரை எப்படிக் கூப்பிடுறது? "கொஞ்சம் ஃப்ரீயா?"ன்னு கேட்டா பதிலே வரமாட்டேங்குது.

"கொஞ்சம்"னா பத்து நிமிஷமா மூணு மணி நேரமான்னு அவருக்கு எப்படித் தெரியும்? நானும் அப்படிக் கேட்டவன்தான். எங்க டீமில் மூத்தவங்க கும்பகோணத்தில், நான் மன்னார்குடியில், அக்கான்னுதான் கூப்பிடுவேன். அன்னிக்கு அவங்க லேப்டாப்பில் ப்ராஜெக்டை ஓட வைக்கவே சாயங்காலம் போயிடுச்சு. பிழையைத் தொடவே இல்லை. எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு.

பால் சொசைட்டிகளுக்கான கணக்கு மென்பொருள் எங்களுது. விடியக்காலையில் ஊத்துற பாலில் சிலபேருது மட்டும் முந்தின நாள் கணக்கில் விழுந்தது. ரெண்டாவது தடவை இப்படி எழுதினேன்:

"அக்கா, நாளைக்குக் காலை 11 முதல் 11.45 வரை சேர்ந்து பார்க்கலாமா? 4-ம் தேதி காலையில் 38 சீட்டு போட்டிருக்கு, சர்வர் ரிப்போர்ட்டில் 27தான் வருது. மீதி 11-ம் 3-ம் தேதியில் இருக்கு. அதே கோடு, அதே டேட்டா, என் மெஷினில் 38-ம் சரியா வருது. சீட்டு எதுவும் தொலையலை, அதைப் பார்த்துட்டேன். நீங்க இன்னிக்கே என் பிராஞ்சை எடுத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, பத்து நிமிஷம் ஆகும். பேர், போன் நம்பரை எடுத்துட்டு ரெண்டு நாள் டேட்டாவை அதிலேயே வெச்சிருக்கேன். ஓடலைன்னா சொல்லுங்க, ராத்திரிக்குள்ள சரிபண்றேன். 11.45-க்குள்ள காரணம் பிடிபடலைன்னா நிறுத்திடலாம். நாளைக்குத் தோது இல்லைன்னா வியாழன் மதியம்."

"ஓடுது, வரேன்"னு பதில் வந்தது.

உட்கார்ந்ததும் அவங்க கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பதினோரு சீட்டும் எத்தனை மணிக்குப் போட்டது?" பார்த்தா எல்லாமே 5.30-க்கு முன்னாடி. நம்ம நேரம் உலகப் பொதுநேரத்தைவிட அஞ்சரை மணி நேரம் முன்னால; இங்கே காலை 5.10-ன்னா அங்கே முந்தின நாள் ராத்திரி 11.40. ரெண்டு பக்கமும் `SHOW timezone;` போட்டோம். என்கிட்ட `Asia/Kolkata`, சர்வரில் `UTC`. ரிப்போர்ட்டில் `created_at::date`ன்னு இருந்ததை மாத்தினோம்:

```sql
(created_at AT TIME ZONE 'Asia/Kolkata')::date
```

`created_at` `timestamptz` வகையா இருந்தால்தான் இது சரி, அதையும் பார்த்துக்கிட்டோம். மொத்தம் 25 நிமிஷம்.

ஒரு மெசேஜுக்கு இவ்வளவு நீட்டணுமான்னு சிலர் கேட்பீங்க. ரெண்டு வரி எரருக்கு வேண்டாம்தான். ஆனா "என் மெஷினில் சரியா வருது"ன்னு ஒரு வரி இல்லாம இருந்திருந்தா, அக்காவுக்கு டைம்ஸோன் பக்கம் யோசனையே போயிருக்காது.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தமில்லைன்னாலும் சொல்லணும். அந்தச் சீட்டுகளைப் போட்ட பொண்ணைத்தான் ரெண்டு வாரமா "தேதியைத் தப்பா போடுறே"ன்னு திட்டினாங்க. காரணம் தெரிஞ்சப்புறமும் யாரும் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நான்தான் போன் பண்ணி, தப்பு எங்களோடதுன்னு சொன்னேன்.