காலியாகத் தொங்கும் சார்ஜர் எவ்வளவு மின்சாரம் தின்கிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் 4 போன் சார்ஜர்கள், ஒரு லேப்டாப் சார்ஜர், பழைய ரேடியோவின் அடாப்டர் ஆகியவை எப்போதும் சாக்கெட்டிலேயே கிடக்கின்றன, சுவிட்சும் போட்டபடியே இருக்கும். மின்கட்டணம் ஏறுவதற்கு இவைதான் காரணம் என்கிறார் அப்பா. வாட் மீட்டரில் சோதித்தால் ஒரு சார்ஜருக்கு 0.0 என்றும் இன்னொன்றுக்கு 1.4 என்றும் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: மீட்டரின் இரண்டு எண்களையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். அப்பா சொல்வதில் ஒரு பங்கு உண்மை உண்டு. ஆனால் அது போன் சார்ஜர்களைப் பற்றிய உண்மை அல்ல.

முதலில் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாட் மின்சாரம் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் ஓடினால் 8.76 யூனிட் செலவாகும். ஓராண்டின் 8,760 மணி நேரத்தை ஒரு வாட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வருவது அதுதான். சாக்கெட்டில் நிரந்தரமாகக் கிடக்கும் எந்தப் பொருளுக்கும் இந்த எண்ணைக் கொண்டே விடை கண்டுவிடலாம்.

இப்போதைய போன் சார்ஜர் காலியாக இருக்கும்போது எடுப்பது 0.1 வாட் அல்லது அதற்கும் குறைவு. அமெரிக்காவில் 2016 முதலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 முதலும் 49 வாட் வரையிலான சார்ஜர்களுக்கு இதுவே சட்டப்படியான உச்சவரம்பு. பெரிய நிறுவனங்கள் உலகச் சந்தைக்குச் செய்யும் சார்ஜர்கள் பெரும்பாலும் இதற்கு உட்பட்டே வருகின்றன. அதற்கு மேற்பட்ட திறனுள்ள லேப்டாப் சார்ஜர்களுக்கு வரம்பு ஏறக்குறைய 0.2 வாட். சார்ஜரின் லேபிளில் ஒரு சிறு வட்டத்துக்குள் ரோமன் எண் இருக்கிறதா என்று பாருங்கள். VI என்று இருந்தால் நான் சொன்ன வரம்புக்குள் அடங்கும். V என்றால் சற்று முந்தைய தலைமுறை, சிறிய சார்ஜருக்கு 0.3 வாட் வரை போகலாம்.

இவ்வளவு குறைவாக எப்படி முடிகிறது? சார்ஜருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, வெளியே சாதனம் எதுவும் இல்லை என்று அறிந்ததும் வேலையை நிறுத்தி உறங்கப்போய்விடும். அவ்வப்போது விழித்து, கசிந்துபோன துளி மின்சாரத்தை ஈடுகட்டிவிட்டு மறுபடி உறங்கும். டைப்-சி சார்ஜருக்கு இன்னொரு குணமும் உண்டு. மறுமுனையில் ஒரு சாதனம் செருகப்படும்வரை அது வெளியே மின்னழுத்தத்தையே கொடுப்பதில்லை. ஆகவே ஒயரைக் கழற்றி வைத்தாலும் தொங்கவிட்டாலும் கணக்கில் வேறுபாடு இராது.

பழைய ரேடியோவின் அடாப்டர் வேறு இனம். கையில் எடுத்தால் கனமாக இருக்கும், உள்ளே இரும்பு மையத்தில் செம்புக் கம்பி சுற்றிய மின்மாற்றி இருக்கிறது. ரேடியோவை அணைத்தாலும் அதன் முதற்சுற்று மின்வழங்கலோடு இணைந்தே இருப்பதால், இரும்பு மையம் ஒவ்வொரு சுழற்சியிலும் காந்தமேறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த இழப்பு வெப்பமாக வெளிவருகிறது. இத்தகையவை சாதாரணமாக 1 முதல் 3 வாட் வரை எடுக்கும். சார்ஜரைக் கழற்றிவிடு என்ற அறிவுரை பிறந்தது இவற்றின் காலத்தில்தான். பொருள் மாறிவிட்டது, அறிவுரை மட்டும் பழையபடியே சுற்றிக்கொண்டிருக்கிறது.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. 4 போன் சார்ஜர்களுக்கு 0.4 வாட், லேப்டாப் சார்ஜருக்கு 0.2, ரேடியோ அடாப்டருக்கு 2 என்று கொள்வோம். மொத்தம் 2.6 வாட், ஆண்டுக்கு சுமார் 23 யூனிட். இதில் ரேடியோ அடாப்டரின் பங்கு மட்டும் 17.5 யூனிட். மற்ற ஐந்தும் சேர்ந்து 5.3 யூனிட்தான். ஒரு போன் சார்ஜர் ஓராண்டு முழுவதும் காலியாகக் கிடந்து வீணாக்குவது, ஏறக்குறைய இரண்டு வாளித் தண்ணீரை ஹீட்டரில் குளிக்கும் பதத்துக்குச் சூடாக்கும் மின்சாரம், அவ்வளவே. அதே சார்ஜர் தினமும் ஒருமுறை போனுக்கு மின்னேற்றினால், அந்த வேலைக்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 9 யூனிட் போகும்.

உங்கள் மீட்டருக்கு வருகிறேன். மலிவான வாட் மீட்டர்களால் இவ்வளவு சிறிய அளவைச் சரியாகப் படிக்க முடியாது. பல மீட்டர்கள் ஓர் எல்லைக்குக் கீழே உள்ளதை அப்படியே 0.0 என்று காட்டிவிடும். மறுபுறம், மின் இரைச்சலைத் தடுக்கச் சார்ஜரின் நுழைவாயிலில் ஒரு மின்தேக்கி வைத்திருப்பார்கள். 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 230 வோல்ட்டில் 7 மில்லியாம்பியர் அளவுக்கு மின்னோட்டம் எடுக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கினால் 1.6 வந்துவிடும். ஆனால் அந்த மின்னோட்டம் ஒரு கணம் உள்ளே போய் அடுத்த கணம் அப்படியே திரும்பிவிடுவதால் ஏறக்குறைய எதையும் செலவழிப்பதில்லை. வீட்டு மின்மீட்டர் அதை யூனிட்டாகக் கணக்கிடாது. நீங்கள் கண்ட 1.4 இதுவாக இருக்கலாம். மீட்டரில் திறன் காரணியை, அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் எவ்வளவு பங்கு உண்மையில் செலவாகிறது என்பதைக் காட்டும் பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். 0.1-க்குக் கீழே காட்டினால் அந்த வாட் எண்ணை ஒதுக்கிவிடலாம்.

சரியாக அளக்க ஒரு வழி உண்டு. 5 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை நீட்டிப்புப் பலகையில் மாட்டி, அந்தப் பலகையை மீட்டரில் செருகுங்கள். பல்பு சூடாகி நிலைப்பட அரை மணி நேரம் விட்டு அளவைக் குறியுங்கள். பிறகு போன் சார்ஜர்கள் நான்கையும் அதே பலகையில் செருகி மறுபடி பாருங்கள். கூடியிருக்கும் எண்தான் நான்கின் உண்மையான செலவு. பல்பின் சுமை மீட்டரை அது நன்றாகப் படிக்கும் எல்லைக்குள் கொண்டுவந்துவிடுகிறது. சார்ஜர்களை எடுத்துவிட்டு ரேடியோ அடாப்டரை மட்டும் செருகிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

மீட்டரே வேண்டாம் என்றால் கை போதும். காலியான சார்ஜர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும், வேறு வழி அதற்கு இல்லை. பல மணி நேரம் செருகியிருந்தும் சுவரைப் போலக் குளிர்ந்திருந்தால் இழப்பு பொருட்படுத்தத் தக்கதல்ல. வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு வாட் அளவுக்கோ அதற்கு மேலோ போகக்கூடும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கட்டணம் ஏறுவதற்குக் காரணம் தேட வேண்டுமானால் டி.வி. பக்கம் போங்கள். ரிமோட்டால் அணைத்த செட்டாப் பாக்ஸ்களில் பல 10 வாட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கும். அது மட்டுமே ஆண்டுக்கு 88 யூனிட்.

பெயரில்லாத மலிவு சார்ஜர்களைக் கழற்றி வைப்பது நல்லதுதான். ஆனால் அதற்குக் காரணம் மின்செலவு அல்ல, அவற்றின் காப்பு மோசமாக இருப்பதும் இடி மின்னலின்போது பழுதாவதும்தான்.

ரேடியோ அடாப்டரை இன்றே கழற்றிவிடுங்கள். ரேடியோ தினமும் வேண்டுமென்றால் புதிய, எடை குறைந்த அடாப்டர் வாங்கலாம். வாங்கும் முன் பழையதன் லேபிளைப் படியுங்கள். வெளியீட்டு வோல்ட் அதே அளவில் இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது, முனையின் நடு ஊசி நேரா எதிரா என்ற குறியும் பொருந்த வேண்டும். வெளியீடு மாறுதிசை மின்சாரம் என்று லேபிளில் இருந்தால் புதியது சரிப்படாது. அப்போது பழையதையே வைத்துக்கொண்டு, ரேடியோவை அணைக்கும்போதெல்லாம் சாக்கெட்டின் சுவிட்சையும் சேர்த்து அணைத்துவிடுங்கள்.