சங்கல்பத்தில் ஒரு பெயர்

வணக்கம் ஐயா. மகளின் பிறந்தநாளன்று சிவன் கோயிலில் எட்டுப் பேரின் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தேன். குருக்கள் சொன்னதில் மகள் பெயர் மட்டுமே காதில் விழுந்தது. அவளுக்குச் சித்திரை, கன்னி ராசி; அவர் துலாம் என்றார். நூற்றெட்டு நாமத்தில் எங்கள் பெயர் வரவேயில்லை. தேங்காயிலும் ஒரு மூடிதான் திரும்பியது. அர்ச்சனை பலித்ததா?
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தேங்காய் மூடியை விடுங்கள். ஒரு மூடி கோயிலில் தங்குவது பல இடங்களில் வழக்கம். சித்திரையின் முதல் இரண்டு பாதங்கள் கன்னி, பின்னிரண்டும் துலாம். நட்சத்திரத்தை மட்டும் கேட்டவர் ஏதோ ஒன்றைத்தான் சொல்லியிருக்க முடியும். ராசியை நீங்கள்தான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் பெயரை நூற்றெட்டில் தேடியதற்குத்தான் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டும். அவை சுவாமியின் பெயர்கள். 'ஓம் சிவாய நம:', 'ஓம் மஹேச்வராய நம:' என ஒவ்வொன்றும் 'சிவனுக்கு வணக்கம்' என்ற நான்காம் வேற்றுமையில் வர, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவோ வில்வமோ விழுகிறது. உங்கள் பெயருக்குரிய இடம் அதற்கு முன் வரும் சங்கல்பம். அங்கே கோத்திரத்தையும், 'சித்ரா நக்ஷத்ரே, கன்யா ராசௌ ஜாதாயா:' என்று பிறப்பையும் சொல்லி, பெயரை ஆறாம் வேற்றுமையில் வைத்து, இன்னாருடைய ஆயுள், ஆரோக்கியம், ஐசுவரியம் பெருகும்பொருட்டு இந்த அர்ச்சனை என்று குருக்கள் அறிவிக்கிறார். பெயர் ஒருமுறை சொல்லப்பட்டால் போதும். அதையடுத்து 'ஸஹகுடும்பானாம்', அதாவது குடும்பத்தோடு கூடியவர்களுடைய, என்ற சொல் வந்துவிடுகிறது. நீங்கள் மூச்சுவாங்க ஒப்பித்த மீதி ஏழு பேரும் அந்த ஒரு சொல்லுக்குள் நிற்கிறார்கள். பின்னால் வரிசை காத்திருக்கும்போது எட்டு நட்சத்திரத்தை அடுக்கினால் எந்தக் குருக்களும் கடகடவென்றுதான் சொல்வார். பிறந்தநாள் யாருடையதோ அவர் பெயரை மட்டும், ராசியோடு, நிதானமாகச் சொல்லுங்கள்.

அப்பா இறந்து ஓராண்டு கழித்து அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் கேட்டதும், நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் அம்மா அப்பாவின் பெயரையும் "திருவோணம், மகர ராசி" என்பதையும் சொல்லிவிட்டார். எங்களை அறிந்த அவர், அதைச் 'ச்ரவண நக்ஷத்ரே' என்று வடமொழியில் மாற்றத் தொடங்கியவர், சட்டென்று நிறுத்தினார். ஆயுள் பெருக வேண்டும் என்ற வாக்கியத்தில் அந்தப் பெயரை வைக்க முடியாதல்லவா? "பிள்ளை நட்சத்திரத்தைச் சொல்லுங்கோம்மா" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். அம்மா என் பெயரைச் சொல்லாமல், "சுவாமி பேருக்கே பண்ணிடுங்கோ" என்றார். நூற்றெட்டும் முடிந்து தட்டு திரும்பியபோது அதில் தேங்காய் மூடியும் இரண்டு வாழைப்பழமும் வில்வமும் திருநீறும் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் அந்தத் திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்து அப்பாவின் படத்துக்கு இட்டுவிட்டு, மீதியை என் நெற்றியில் பூசினார்.