தொப்பிக்கு அடியில் படியும் முடி

கேள்வி: உணவு தயாரிக்கும் கூடத்தில் வேலை. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை தொப்பியைக் கழற்ற முடியாது. கழற்றினால் உச்சி முடி அப்பளமாகப் படிந்திருக்கிறது. நெற்றியோரம் வேர்வையில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்கிறது. வேர்ப்பகுதியைத் தூக்கி நிறுத்தும் சிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் அழகு நிலையத்தில். செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்தச் சிகிச்சை மருந்து பட்ட முடியை மட்டும்தான் வளைக்கும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். இரண்டு மாதத்தில் வேரில் இருப்பது புது முடி, அது பழையபடி படியும். தூக்கி நிறுத்திய பகுதி கீழே இறங்கியிருக்கும். அப்போது "இன்னொரு முறை போட்டுக்கொள்ளுங்கள்" என்பார்கள். இதையே தொகுப்பாகக் கட்டி முன்பணம் கேட்பவர்களும் உண்டு. முடியை நேராக்கும் சிகிச்சையைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் இன்னும் மோசம். நேராக்கிய முடி முன்னைவிடத் தட்டையாகத்தான் கிடக்கும். அதுபோக, அந்த மருந்துகள் சிலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி கிளம்பும். கண் எரிந்தால் "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லும் இடத்தில் உட்காராதீர்கள்.

உங்கள் பிரச்சினைக்குக் காரணம் ஈரம். நனைந்த முடி எந்த வடிவில் அழுத்தப்பட்டுக் காய்கிறதோ அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். காலையில் குளித்துவிட்டு, மேலே காய்ந்ததுபோல் தெரிந்ததும் தொப்பி போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். உச்சியிலும் பிடரியிலும் வேர் இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். முடியைப் பிரித்து, புறங்கையைத் தலைத்தோலில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் காயவில்லை. அந்த ஈரத்தோடு தொப்பி போடுவது முடிக்கு இஸ்திரி போடுவதற்குச் சமம்.

அதனால் தலைக்குக் குளிப்பதை முந்தைய மாலைக்கு மாற்றுங்கள். இரவு ஈரத்தலையோடு படுத்தால் தொப்பி செய்யும் வேலையைத் தலையணை செய்துவிடும். காய்ந்த பிறகே படுங்கள். காலையில்தான் குளித்தாக வேண்டும், கிளம்ப அரை மணிதான் இருக்கிறது என்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவர்கள் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, தலையைக் குனிந்து, உலர்த்தும் கருவியின் மிதமான காற்றை வேரில் காட்ட வேண்டும். நுனியை விட்டுவிடலாம், ஈரமாக இருந்தாலும் கொண்டைக்குள் போய்விடும். வேர் காய்ந்ததும் குளிர்ந்த காற்றை ஒரு நிமிடம் காட்டி, தலைத்தோலின் சூடு தணிந்த பிறகு தொப்பி. சூட்டோடு போட்டால் உடனே வேர்க்கும், செய்ததெல்லாம் வீண். முடி மிக அடர்த்தி என்றால் அரை மணி போதாது; முந்தைய நாள் குளியல்தான் வழி.

தொப்பி போடும்போது உச்சி முடியை வழக்கமான வகிடுக்கு எதிர்ப்பக்கமாகச் சீவி, பிடரியில் தளர்வாகக் கட்டுங்கள். கழற்றியதும் வழக்கமான பக்கத்துக்குத் திருப்பினால் வேர் தானாக எழும்பி நிற்கும். தலைமுக்காடு அணிபவர்களுக்கும் இது பொருந்தும். நெற்றியில் மெல்லிய பருத்திப் பட்டை ஒன்று, பையில் மாற்றாக இன்னொன்று. பருத்தி வேர்வையை உறிஞ்சும், ஆனால் சீக்கிரம் காயாது. மதியம் மாற்றியே ஆக வேண்டும். பாலியெஸ்டர் சாட்டின் உள்துணி முடி உராய்வைக் குறைக்கும், வேர்வையை அவ்வளவாக உறிஞ்சாது. "வேர்க்கவே வேர்க்காது" என்று அதை விற்பவரை நம்பாதீர்கள். எண்ணெயை உறிஞ்சும் உலர் ஷாம்புப் பொடியும் அப்படித்தான்: காய்ந்த வேரில் காலையில் கொஞ்சம் தூவலாம், வேர்த்த தலையில் தூவினால் பசையாகிவிடும்.

மதிய உணவு இடைவேளையில் கூடத்துக்கு வெளியே வந்து தொப்பியைக் கழற்றி, ஐந்து நிமிடம் விரலால் வேரைக் கோதிக் காற்றாட விடுங்கள். மாலையில் படிந்திருந்தால், விரல் நுனியைத் தண்ணீரில் நனைத்து அந்த இடத்து வேரை மட்டும் லேசாக ஈரமாக்கி, தூக்கிப் பிடித்தபடியே காயவையுங்கள். படிய வைத்ததும் ஈரம்தான், எழுப்புவதும் அதுதான்.

நிர்வாகத்திடமும் பேசுங்கள். எல்லாத் தலைக்கும் ஒரே அளவில் தொப்பி வாங்கி, ஆளுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு "சுத்தம், சுகாதாரம்" என்று சுவரில் ஒட்டிவைக்கிறார்கள். நேற்றைய வேர்வை காயாத தொப்பியில் என்ன சுகாதாரம்? துவைத்து மாற்ற இரண்டாவது தொப்பி கேளுங்கள், அளவு பெரிதாகவும் கேளுங்கள். தொப்பி போட்டால் வழுக்கை விழும் என்பது கட்டுக்கதை. ஆனால் நெற்றியோரம் வலி, சின்னச் சின்னப் பருக்கள், உடைந்த குட்டை முடிகள் தென்பட்டால் தொப்பியோ கட்டோ இழுக்கிறது என்று அர்த்தம். உடனே தளர்த்துங்கள், இழுவை தொடர்ந்தால் அந்த இடத்தில் முடி முளைப்பதே நின்றுபோகலாம். அரிப்போடு மஞ்சளாகச் செதில் உதிர்ந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள், அழகு நிலையத்துக்கு அல்ல.