கள்ளக்கடல் உரையை எட்டு அட்டையில் சொல்வது எப்படி?

"நாகர்கோவிலில் எங்கள் கல்லூரி அறிவியல் மன்றத்தில் ஒரு பேராசிரியர் கள்ளக்கடல் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். அவருடைய ஸ்லைடுகளைச் சுருக்கி, பத்து அட்டையாக இன்ஸ்டாகிராமில் போட்டோம். இரண்டாவது அட்டையைத் தாண்டி யாரும் தள்ளிப் பார்க்கவில்லை. எழுத்து வாசிக்க முடியவில்லை என்றும் சொல்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?"

சுருக்கியதுதான் சிக்கல். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதலில் விளக்கம், பிறகு வரலாறு, அப்புறம் சூத்திரம், வரைபடம் என்று பொறுமையாகச் சொல்லலாம், எழுந்து போகமாட்டார்கள். அந்த வரிசையை அப்படியே அட்டையில் வைத்தால் முதல் இரண்டு அட்டையும் முன்னுரையாகவே போய்விடும். உரையில் இருந்து ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். மற்றதெல்லாம் வேறொரு பதிவுக்கு இருக்கட்டும்.

கள்ளக்கடலில் அந்தக் கேள்வி பெயரிலேயே இருக்கிறது. காற்றும் மழையும் இல்லாத நாளில் கடல் அலை கள்ளனைப் போல வந்து கரையேறுவதால்தான் கடலோர மக்கள் அதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். ஆக, முதல் அட்டை இவ்வளவுதான்: "காற்று இல்லை. வானம் தெளிவு. இந்த அலை எங்கிருந்து வந்தது?" மன்றத்தின் முத்திரை, பேராசிரியர் பெயர், உரை நடந்த தேதி எல்லாம் கடைசி அட்டைக்குப் போகட்டும்.

இரண்டாவது அட்டையிலேயே விடையைச் சொல்லிவிடுங்கள்: "ஏறத்தாழ 6,400 கி.மீ. தெற்கே, ஐந்து நாளுக்கு முன் அடித்த புயலில் இருந்து." ஒளித்துவைத்தால் ஆவல் கூடும் என்று நினைக்க வேண்டாம். முதல் அட்டையோடு நகர்ந்துபோனவருக்கு இன்ஸ்டாகிராம் அதே பதிவை மறுபடி காட்டும்போது பல நேரம் இரண்டாவது அட்டையில் இருந்துதான் தொடங்குகிறது. அது தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும். இந்த விடையே அடுத்த கேள்வியையும் எழுப்பிவிடுகிறது: அவ்வளவு தூரம் ஓர் அலை கரையாமல் எப்படி வரும்? அதற்கு மூன்றாவது அட்டை. ஐந்து நாள் என்பது எப்படித் தெரியும்? நான்காவது. நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு ஏன் தெரிவதில்லை? ஐந்தாவது. கரையில் மட்டும் ஏன் எழும்புகிறது? ஆறாவது. ஓர் அட்டையைப் படித்ததும் வாசகர் மனத்தில் எழும் கேள்விக்கு அடுத்த அட்டை பதில் சொல்ல வேண்டும். அப்படி எழாத இடத்தில்தான் விரல் நின்றுவிடும்.

பிழை நுழைய வாய்ப்பு அதிகமுள்ள அட்டை நான்காவது. புயல் தெற்கு அட்சம் 50 பாகையில் என்று வைத்துக்கொள்வோம். கன்னியாகுமரி வடக்கு அட்சம் 8 பாகை. இடைவெளி 58 பாகை. பாகைக்கு 111 கி.மீ. வீதம் சுமார் 6,400 கி.மீ. ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்ததற்கும் 18 வினாடி இடைவெளி இருந்தால், ஆழ்கடலில் அலைக்கூட்டம் நகரும் வேகம் இது:

```
v = gT / 4π = 9.8 × 18 / 12.57 ≈ 14 m/s
```

அதாவது மணிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. 6,400 கி.மீ. கடக்க 128 மணி நேரம், ஐந்து நாளுக்குச் சற்று மேல். இதில் தனி முகட்டின் வேகம் இதைப்போல இரு மடங்கு. உரையின் ஸ்லைடில் இரண்டு வேகமும் அடுத்தடுத்து இருந்திருக்கும். அவசரத்தில் 28 m/s என்பதை எடுத்துவிட்டால் கணக்கு இரண்டே முக்கால் நாளுக்குள் முடிந்துவிடும். இரண்டாவது அட்டையோடு முரண்படும். புயலின் ஆற்றல் கூட்டத்தின் வேகத்தில்தான் பயணிக்கிறது, முகட்டின் வேகத்தில் அல்ல. அட்டையில் சூத்திரம் வேண்டாம். "மணிக்கு 50 கி.மீ. நம்ம ஊர் பஸ் வேகம். ஐந்து நாள் நிற்காமல் ஓட்டம்" என்பது போதும். சூத்திரத்தையும் கணக்கையும் கீழே கேப்ஷனில் கொடுங்கள். இயற்பியல் மாணவர்கள் அங்கே சரிபார்த்துக்கொள்வார்கள்.

ஐந்தாவது அட்டைக்கு ஒப்பீடு ஒன்று போதும். 18 வினாடி அலையில் முகட்டுக்கு முகடு அரை கிலோமீட்டர். 6 வினாடி இடைவெளியில் வரும் சாதாரணக் காற்றலையில் அது 56 மீட்டர்தான். அவ்வளவு நீளத்தில் ஒன்றிரண்டு மீட்டர் ஏறி இறங்கினால் படகில் இருப்பவருக்கு உறைக்காது. இதைப் படமாகப் போடும்போது இரண்டு அலையையும் ஒரே அளவுகோலில் வரையுங்கள். அழகுக்காகப் பெரிய அலையை உயர்த்தி வரைந்தால் அட்டையில் எழுதியதற்குப் படமே எதிர்சாட்சி ஆகிவிடும்.

இனி எழுத்து. அட்டை 1080 × 1350 பிக்சல். பக்கவாட்டில் 80 பிக்சல் காலியாக விடுங்கள், ஏனென்றால் புரொஃபைல் பக்கத்தில் இரு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்படும். வலது மேல் மூலையில் செயலியே அட்டை எண்ணைக் காட்டுவதால் அங்கே எதுவும் வைக்காதீர்கள். Noto Sans Tamil எழுத்துருவில் 52 பிக்சல் அளவு வைத்தால் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் கொள்ளும். அட்டைக்கு அதிகபட்சம் 25 சொல். அதற்கு மேல் இருந்தால் எழுத்தைச் சிறிதாக்காமல் வாக்கியத்தைக் குறையுங்கள். வரி இடைவெளி 1.4. அதற்குக் குறைந்தால் மேல்வரியின் 'ழு'வின் காலும் கீழ்வரியின் 'கி'யின் மேல்வளைவும் இடித்துக்கொள்ளும். எழுத்து இடைவெளியைப் பூஜ்ஜியத்திலேயே விடுங்கள். கூட்டினால் 'கெ'வின் கொம்பு தனியே விலகி நிற்கும். கடல் என்பதால் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து வைக்கத் தோன்றும். பதிவேற்றும்போது படம் சுருக்கப்படும், அதில் நிறங்களின் விளிம்புதான் முதலில் கலங்கும், சிவப்பு எழுத்து கசிந்து தெரியும். வெளிர் பின்னணியில் கருநீல எழுத்து பாதுகாப்பானது. முடித்ததும் கணினியில் பார்த்துத் திருப்திப்படாமல், மதிய வெயிலில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று போனில் வாசித்துப் பாருங்கள்.

ஏழாவது அட்டை "இது சுனாமியா?" என்பதற்கான பதில். இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஓர் அட்டை மட்டும் ஸ்கிரீன்ஷாட்டாகி முட்டம், குளச்சல் பகுதி வாட்ஸ்ஆப் குழுக்களுக்குப் போகும். 2004 டிசம்பரைப் பார்த்த ஊர்கள் அவை. "சுனாமி" என்பதைக் கொட்டை எழுத்திலும் "இல்லை" என்பதைக் கீழே சிறிதாகவும் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். "சுனாமி அல்ல" என்பது ஒரே வரியில், ஒரே அளவில் இருக்கட்டும். அடுத்த வரியில் காரணம்: சுனாமியைப் பெரும்பாலும் கடலடி நிலநடுக்கம் கிளப்புகிறது, கள்ளக்கடலைத் தொலைவில் வீசிய காற்று கிளப்புகிறது. உடனே, ஆபத்து இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளாதபடி, "ஆனாலும் எச்சரிக்கை நாளில் கடலில் இறங்காதீர்கள்" என்ற வரியும் அதே அட்டையில் வர வேண்டும். அடுத்த அட்டைக்குத் தள்ளக் கூடாது.

எட்டாவது அட்டையில், எச்சரிக்கை தருவது ஹைதராபாத்தில் உள்ள தேசியக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் என்பதையும் அதன் தளத்தில் அன்றைய நிலையைப் பார்க்கலாம் என்பதையும் சொல்லுங்கள். "இன்று", "நாளை" என்ற சொற்கள் எந்த அட்டையிலும் வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒருவர் பகிர்ந்தால், படிப்பவர் அதைப் புதிய எச்சரிக்கை என்றே நினைப்பார். பதிவேற்றிய பிறகு கேப்ஷனைத் திருத்தலாம், படத்தில் உள்ள எழுத்தைத் திருத்த முடியாது. அதனால் எட்டு அட்டையின் வாசகத்தையும் வடிவமைக்கும் முன்பே பேராசிரியரிடம் ஒரே தாளில் காட்டி, எண்ணையும் அலகையும் சரிபார்த்து வாங்கிவிடுங்கள்.