சீசா பலகையில் கிடைக்கிற இயந்திர லாபம்

"குடியாத்தம் பக்கம் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். சீசாவை வச்சு நெம்புகோல் சொன்னா, 'அந்தக் கூடுதல் பலம் எங்கிருந்து சார் வருது?'ன்னு ஒரு பையன் கேக்கிறான்."

நல்ல கேள்வி சார். பலகையிலேயே அளந்து காட்டுங்க. நீங்க 60 கிலோன்னா, நடு அச்சிலிருந்து 50 செ.மீ. தள்ளி உட்காருங்க. 20 கிலோ பையனை எதிர்ப்பக்கம் 150 செ.மீ.யில் உட்கார வைங்க. சமமா நிக்கும், அவன் தன் எடையைப் போல மூணு மடங்கைத் தாங்குறான், அதனால இயந்திர லாபம் 3. லேசா ஒரு தள்ளு போதும், நீங்க மேலே போயிடுவீங்க.

இப்போ ஸ்கேலை நிறுத்திப் பாருங்க. அவன் 30 செ.மீ. இறங்கினாத்தான் நீங்க 10 செ.மீ. ஏறுவீங்க. 20×30, 60×10 ரெண்டும் 600. விசையில மிச்சம் பிடிச்சதைத் தூரத்துல கட்டுறான், அவ்வளவுதான்.

கணக்கு உதைச்சா, தூரத்தைப் பலகை நுனியிலிருந்து அளந்திருப்பாங்க, அச்சிலிருந்துதான் அளக்கணும்.